திறனாய்வாளரின் வாதத்தைச் சொந்த நடையில் எழுதுவது எப்படி? ஆய்வேடு எழுதத் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு முதன்முறையாக ஆய்வேடு எழுத உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்க்காட்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை, எல்லா இயல்களிலும் அதிகம் இழுத்தடித்தது கோட்பாட்டு இயல்தான். ஒரு வெளிநாட்டுத் திறனாய்வாளர் சொன்னதை என் தமிழில் சொல்ல வேண்டும், அது திருட்டாகவும் இருக்கக் கூடாது, அது அவருடைய கருத்து என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். 'சொந்த நடையில் எழுதுங்கள்' என்று எல்லோரும் சொன்னார்கள், எப்படி என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அதனால் ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறேன்.

எடுத்துக்காட்டு நம் துறையில் அடிக்கடி வருவதுதான்: ஹாம்லெட் நாடகம் பற்றி டி. எஸ். எலியட் 1919இல் எழுதிய கட்டுரை. 'புறநிலை இணை' என்று தமிழில் சிலர் சொல்லும் கருத்து அதில்தான் வருகிறது. சங்கப் பாடல்களின் உள்ளுறையோடும் இறைச்சியோடும் அதை ஒப்பிட நிறைய பேர் முயல்கிறார்கள், நீங்களும் முயலக்கூடும்.

1. முதலில் மூலக் கட்டுரையைக் கையில் வாங்குங்கள்

வழிகாட்டி நூல்களிலும் தேர்வுக் குறிப்புகளிலும் எலியட்டைப் பற்றி இரண்டு பத்தி இருக்கும். அதை வைத்து எழுதினால் நீங்கள் எலியட்டின் வாதத்தைச் சொல்லவில்லை, வேறொருவர் எலியட்டைச் சுருக்கியதைத் திரும்பச் சுருக்குகிறீர்கள். அந்தச் சுருக்கத்தில் பிழை இருந்தால் அது உங்கள் பிழையாகிவிடும், அந்த இடைமனிதருக்கும் நன்றி சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

மூலக் கட்டுரை சின்னது, அச்சில் பத்துப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். 1920இல் வந்த எலியட்டின் கட்டுரைத் தொகுப்பில் அது இருக்கிறது. archive.org தளத்தில் அந்தப் பழைய பதிப்பின் பக்கப் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். வெறும் எழுத்தாக மட்டும் தரும் தளங்களை இதற்கு நம்பாதீர்கள், அவற்றில் பல நேரம் பக்க எண் இருக்காது, பக்க எண் இல்லாமல் அடிக்குறிப்பு எழுத முடியாது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் செலவு ஒரு டீ, வடைக்கு ஆகும் அளவுதான். எடுக்கும்போதே நூலின் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பாண்டு இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கடைசி வாரத்தில் 'எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு' என்று தேடி அலைவது இந்த இரண்டு தாள் இல்லாததால்தான்.

2. வாக்கியத்தை மாற்றாதீர்கள், வாதத்தைப் பிரித்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலியட்டின் புகழ்பெற்ற வாக்கியத்தைக் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் இப்படி வரும்:

"கலை வடிவில் உணர்ச்சியை வெளிப்படுத்த ஒரே வழி, ஒரு 'புறநிலை இணை'யைக் கண்டடைவதுதான், அதாவது, அந்தக் குறிப்பிட்ட உணர்ச்சியின் சூத்திரமாக இருக்கும் பொருள்களின் தொகுதி, ஒரு சூழல், ஒரு நிகழ்ச்சித் தொடர், புலனனுபவத்தில் முடிய வேண்டிய அந்தப் புற விவரங்கள் தரப்பட்ட உடனே அந்த உணர்ச்சி எழும்."

இதை 'சொந்த நடையில்' எழுதச் சொன்னால் வழக்கமாக வருவது இது:

"கலையில் மெய்ப்பாட்டைப் புலப்படுத்துவதற்கான ஒரே மார்க்கம் அதற்கேற்ற புறநிலை இணையைக் கண்டுபிடிப்பதே ஆகும். அதாவது, அவ்வுணர்வின் வாய்பாடாக அமையும் பொருள்கள், சூழ்நிலை, நிகழ்வுகளின் சங்கிலி ஆகியனவாகும். அவை கொடுக்கப்பட்டவுடன் அவ்வுணர்வு உடனடியாகத் தூண்டப்படுகிறது."

வழிக்கு மார்க்கம், சூத்திரத்துக்கு வாய்பாடு, தொடருக்குச் சங்கிலி. சொற்கள் மாறின, ஆனால் எதை முதலில் சொல்வது, எங்கே 'அதாவது' போடுவது, மூன்று பொருள்களை எந்த வரிசையில் அடுக்குவது, எல்லாம் எலியட்டுடையவை. கடைசியில் அடிக்குறிப்பு எண் போட்டாலும் இது தவறுதான். ஏனென்றால் அடிக்குறிப்பு மட்டும் இருந்து மேற்கோள் குறி இல்லையென்றால் வாசிப்பவர் 'கருத்து எலியட்டுடையது, சொல்லும் முறை இவருடையது' என்று எடுத்துக்கொள்வார். இங்கே சொல்லும் முறையும் அவருடையது.

இதிலிருந்து தப்பிக்க, கட்டுரையை முழுதாக இரண்டு முறையாவது படித்துவிட்டு மூடி வையுங்கள். அன்றைக்கே எழுத வேண்டாம், ஒரு இரவு போகட்டும். மறுநாள் வெள்ளைத் தாளில் நான்கு கேள்விக்கு மட்டும், அரைகுறை வாக்கியத்தில், நீங்கள் நண்பரிடம் பேசும் தமிழிலேயே பதில் எழுதுங்கள்: என்ன தீர்ப்புச் சொல்கிறார்? ஏன்? எதைச் சான்றாகக் காட்டுகிறார்? எங்கே நிறுத்திக்கொள்கிறார்?

எலியட்டுக்கு என் தாளில் இருந்தது ஏறக்குறைய இதுதான். தீர்ப்பு: ஹாம்லெட் நாடகம் கலை என்ற அளவில் தோற்றது. காரணம்: ஹாம்லெட்டுக்குள் இருக்கும் உணர்ச்சி, நாடகம் கண்முன் காட்டுகிற விஷயங்களை மீறிப் பெரிதாக இருக்கிறது. அம்மாமேல்தான் அருவருப்பு, ஆனா அந்த அம்மா அதுக்கு ஈடாகல. சான்று: மாறாக மேக்பெத்தில் பார், தூக்கத்தில் நடக்கும் மேக்பெத் சீமாட்டியின் மனநிலை நாம் பார்க்கிற கேட்கிற சின்னச் சின்ன விஷயங்களால் நமக்கு வந்து சேருகிறது. எல்லை: ஷேக்ஸ்பியர் ஏன் இப்படி ஒரு கைக்கு அடங்காத விஷயத்தை எடுத்தார் என்பதை நம்மால் அறிய முடியாது என்று விட்டுவிடுகிறார்.

இப்போது கவனியுங்கள், அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் இந்தத் தாளில் எங்குமே இல்லை. வாக்கியம் இல்லாமலே வாதம் முழுதாக வந்துவிட்டது. இந்தத் தாளை வைத்துத்தான் எழுத வேண்டும், கட்டுரையை வைத்து அல்ல.

3. எழுதும்போது பெயரால் திறந்து பெயரால் மூடுங்கள்

என் வரைவைப் பார்த்த பேராசிரியை ஒரு பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுல எலியட் எங்க முடியறாரு, நீ எங்க ஆரம்பிக்கற?" பத்திக் கடைசியில் அடிக்குறிப்பு எண் இருந்தது. ஆனால் அந்த எண் கடைசி வாக்கியத்துக்கா, பத்தி முழுக்கவா என்று யாராலும் சொல்ல முடியாது. கருத்துக்கு உரியவரைக் காட்டுவது என்றால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் இரண்டும் தெரிய வேண்டும், எண் ஒன்றால் அது நடக்காது. என் தாளிலிருந்து எழுதிய பத்தி கடைசியில் இப்படி நின்றது:

"ஹாம்லெட்டைப் பற்றிய 1919ஆம் ஆண்டுக் கட்டுரையில் டி. எஸ். எலியட் அந்நாடகத்தைக் கலைத்தோல்வி என்று மதிப்பிடுகிறார். பாத்திரம் எவ்வளவு துடிக்கிறது என்பது அவருக்குப் போதுமானதல்ல. அந்தத் துடிப்பைச் சுமக்கும் அளவுக்குக் காணவும் கேட்கவும் கூடிய ஏதோ ஒன்று படைப்புக்குள் இருக்க வேண்டும். அதைத்தான் அவர் 'புறநிலை இணை' என்கிறார். மேக்பெத் சீமாட்டி தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அது இருப்பதாகவும், ஹாம்லெட்டுக்குத் தன் தாய்மேல் உள்ள அருவருப்பு விஷயத்தில் அது இல்லை என்றும் எலியட் வாதிடுகிறார்.¹"

முதல் வாக்கியத்தில் பெயர், நடுவில் 'அவர்', கடைசியில் மறுபடி பெயரும் 'வாதிடுகிறார்' என்ற வினையும், அப்புறம்தான் எண். அவர் பரப்பிய கலைச்சொல் மட்டும் ஒற்றை மேற்கோள் குறிக்குள். கலைச்சொல்லை மாற்றி எழுத வேண்டிய அவசியமில்லை, மாற்றினால் வாசிப்பவருக்குப் புரியாமல் போய்விடும், குறிக்குள் வைத்து அவர் பெயரைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

வினைச்சொல்லிலும் ஒரு கண் இருக்கட்டும். 'நிறுவுகிறார்' என்று எழுதினால் அவர் சொன்னது நிரூபணமானது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஹாம்லெட் தோல்வி என்பதை ஏற்காத திறனாய்வாளர்கள் எத்தனையோ பேர், அதனால் இங்கே 'வாதிடுகிறார்', 'மதிப்பிடுகிறார்' என்பதுதான் சரி. 'எனலாம்', 'என்பது அறியத்தக்கது', 'அறிஞர் கூறுவர்' என்று நம் ஆய்வேடுகளில் பழகிப்போன முடிப்புகளை இந்தப் பத்தியில் ஒன்றுகூட வைக்காதீர்கள். எனலாம் என்றால் யார் சொல்லலாம்? எந்த அறிஞர்? இந்த முடிப்புகள் கருத்துக்கு உரியவரை மறைத்துவிடும், மறைக்க நினைக்காவிட்டாலும் மறைத்துவிடும்.

4. திறந்து ஒப்பிடுங்கள்: சொல் ஒரு முறை, பொருள் ஒரு முறை

எழுதி முடித்த பிறகுதான் மூலத்தை மறுபடி திறக்க வேண்டும். முதல் சுற்றில் சொல்லைப் பாருங்கள். அவருடைய தனிப்பட்ட சொற்சேர்க்கை ஏதாவது குறி இல்லாமல் நுழைந்திருக்கிறதா, வாக்கியங்களின் வரிசை அவருடைய வரிசையாகவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த இடத்தை நேரடி மேற்கோளாக மாற்றிவிடுங்கள். நேரடி மேற்கோள் போடுவது குறைவான வேலை அல்ல, சில வாக்கியங்களை வேறு மாதிரி சொல்லவே முடியாது.

இரண்டாவது சுற்றுதான் கடினம். அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றியிருக்கிறீர்களா? சொல்லை மாற்றும் அவசரத்தில் பொருள் மாறுவது மிகவும் சாதாரணம். எலியட் விஷயத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. 'தாய் கெர்ட்ரூடின் குற்றத்தை ஷேக்ஸ்பியர் இன்னும் கொடுமையாகக் காட்டியிருந்தால் நாடகம் வென்றிருக்கும் என்கிறார் எலியட்' என்று எழுதிவிடுவார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அவர் சொல்வது நேர் எதிர்: அவளை அப்படிப் பெரிய குற்றவாளியாகக் காட்டியிருந்தால் ஹாம்லெட்டின் உணர்ச்சியே வேறொன்றாகப் போயிருக்கும், அவள் பெரிதாக எதுவுமில்லாத ஒரு பெண்ணாக இருப்பதுதான் அவனுக்குள் அந்த உணர்ச்சியையே கிளப்புகிறது, அதே காரணத்தால் அவளால் அதைச் சுமந்து காட்டவும் முடியவில்லை. எளிதில் தீராத சிக்கல் என்று அவர் சொல்வதை எளிதில் தீரும் குறையாக மாற்றிவிட்டு அதன் கீழே அவர் பெயரைப் போடுவது, திருட்டு இல்லை என்றாலும் அவருக்குச் செய்யும் அநியாயம்தான்.

5. அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் வருகிறது: ஹாம்லெட் ஒரே கையால் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல, கிட் என்பவர் எழுதியதாகக் கருதப்படும் பழைய நாடகத்தின் மேல் ஷேக்ஸ்பியர் வேலை செய்தார், பழைய சரக்கு அடியில் அப்படியே கிடக்கிறது என்பது. இதை 'எலியட் கூறுகிறார்' என்று எழுதினால் தவறு. எலியட்டே இதை ஜே. எம். ராபர்ட்சன் என்ற திறனாய்வாளரிடமிருந்து எடுத்ததாகப் பெயர் சொல்லி எழுதுகிறார், ராபர்ட்சனின் ஆய்வை வைத்துத்தான் தன் வாதத்தைக் கட்டுகிறார்.

அதனால் நீங்கள் எழுத வேண்டியது: "பழைய நாடகத்தின் கூறுகள் ஹாம்லெட்டில் தங்கிவிட்டன என்ற ராபர்ட்சனின் முடிவை எலியட் ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறார்." ராபர்ட்சனின் நூலை நீங்கள் படிக்கவில்லையென்றால் அடிக்குறிப்பில் 'எலியட் வழி' என்று போடுங்கள். படிக்காத நூலைத் துணைநூற்பட்டியலில் சேர்க்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த நூலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

6. உங்கள் பங்கு தொடங்கும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்

எலியட்டைச் சொல்லி முடித்ததும் நாம் சங்கப் பாடலுக்கு வருவோம். குறுந்தொகை 25, கபிலர் பாடல். தலைவன் என்னோடு கூடியபோது அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி சொல்கிறாள். கடைசியில், தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பறவையைச் சொல்லி, 'குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே' என்று முடிக்கிறாள். இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை, அதன் கவனமும் மீன்மேல். அவளுடைய பயத்தை அவள் சொல்லவே இல்லை, குருகு சொல்லிவிடுகிறது.

இது எலியட்டின் கருத்துக்கு நன்றாகப் பொருந்தும், பொருந்துவதால்தான் ஆபத்து. 'எலியட்டின் கூற்றுப்படி இப்பாடலில் குருகு புறநிலை இணையாக அமைகிறது' என்று எழுதினால், எலியட் குறுந்தொகையைப் பற்றி ஏதோ சொன்னது போலாகிவிடும். ஒரு வாக்கியம் போதும்: "எலியட் நாடகத்தை வைத்துப் பேசுகிறார், அவருடைய அளவுகோலைக் குறுந்தொகைப் பாடலில் வைத்துப் பார்ப்பது இந்த ஆய்வாளரின் முயற்சி." இதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்களுடையது, நல்லதும் கெட்டதும்.

அந்த வாக்கியத்தை எழுதும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். சங்கப் பாடலையும் எலியட்டையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள் இல்லை. சோத்கங்கா தளத்தில் மற்ற பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன, துறை நூலகத்தில் பழைய ஏடுகள் இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் ஒதுக்கித் தேடுங்கள். இதே பாடலுக்கு இதே ஒப்பீட்டை ஒருவர் செய்திருந்தால் அந்த யோசனை அவருடையது, நீங்கள் தனியாக யோசித்து வந்திருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி, அவரிடமிருந்து எங்கே விலகுகிறீர்கள் என்று எழுதுவதுதான் முறை.

7. ஒப்புமை அறிக்கை எதைக் காட்டும், எதைக் காட்டாது

ஏட்டைக் கொடுக்கும் முன் மென்பொருள் சோதனை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடுவரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக உரியவரைக் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேராது, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் தொடர்ச்சியாக 14வரை விலக்கு.

இந்த 14ஐப் பிடித்துக்கொண்டு 'பதினான்கு சொல்வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். அது பொது அறிவுக்கும் தற்செயலுக்கும் தந்த விலக்கு. அதே விதிகள், பிறருடைய படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது என்றுதான் கருத்துத்திருட்டை வரையறுக்கின்றன. கருத்தும் அதில் அடக்கம்.

நமக்கு இன்னும் முக்கியமானது இது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்து வைத்தால், பெயர் சொல்லாமல் பத்திப் பத்தியாக வைத்தாலும், சொல்லை ஒப்பிடும் மென்பொருளில் அது அகப்படாமல் போகலாம். அறிக்கையில் மூன்று விழுக்காடு என்று வந்துவிடும், ஏடு சுத்தம் என்று நினைத்துவிடுவோம். தேர்வாளர் எலியட்டை வகுப்பில் நடத்துபவராக இருந்தால் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மேலே இரண்டாம் படியில் காட்டிய 'மார்க்கம், வாய்பாடு, சங்கிலி' பத்தி எந்த அறிக்கையிலும் சிவப்பாக வராமல் போகக்கூடிய பத்திதான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஏட்டை டி.டி.பி. சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் சோதனைக்காக யூனிகோடுக்கு மாற்றுவார்கள், அப்போது மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறுவதும் அடிக்குறிப்பு எண்கள் காணாமல் போவதும் உண்டு. குறி போனால் உங்கள் நேர்மையான மேற்கோள் திருட்டாகத் தெரியும். முடிந்தால் முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள் அல்லது அடிக்கச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கோட்பாட்டு இயலை மட்டுமாவது கையெழுத்துப் பிரதியோடு வரி வரியாக நீங்களே ஒப்பிடுங்கள், அடிப்பவரிடம் விடாதீர்கள். இந்த வேலைக்கு இரண்டு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஏடு கொடுக்கும் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. கோப்பில் வைத்திருக்க வேண்டியவை

ஒவ்வொரு திறனாய்வாளருக்கும் ஒரு உறை போடுங்கள். அதில் மூலத்தின் அச்சுப்படி, தலைப்புப் பக்கம், நீங்கள் நான்கு கேள்விக்குப் பதில் எழுதிய தாள் (தேதி போட்டு), முதல் வரைவு, இவ்வளவு போதும். அந்தக் கைத்தாளைத் தூக்கி எறியாதீர்கள், வாதத்தை நீங்களே பிரித்துப் புரிந்துகொண்டதற்கு அதுதான் சான்று, யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

நேரக் கணக்கு என்றால், ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்: படிக்க இரண்டு நாள், இடைவெளி ஒரு இரவு, தாளும் வரைவும் ஒரு நாள், ஒப்பிட ஒரு நாள், முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேட மிச்ச நாள். கோட்பாட்டு இயலில் ஐந்து திறனாய்வாளர்கள் என்றால் ஐந்து வாரம் ஆகும். பத்துப் பேரைப் பெயர் அளவில் அடுக்குவதைவிட ஐந்து பேரை இப்படிச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், நெறியாளர் கூட்டச் சொன்னாலும் முதல் ஐந்தை முடித்துக் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.